சத்தி சாலையில் நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றத்தில் யாருக்குப் பங்கு?

கோவை மெட்ரோ திட்டத்தின் இரண்டு வழித்தடங்களில் ஒன்று, ரயில் நிலையத்திலிருந்து காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி வழியாக வலியாம்பாளையம் பிரிவு வரை சத்தி சாலையில் செல்வதாக வரையப்பட்டது. இன்னொன்று அவிநாசி சாலைக்கு. இரண்டுக்கும் சேர்த்து மதிப்பீடு சுமார் 10,740 கோடி ரூபாய். 2025 நவம்பரில் மத்திய அரசு இதைத் திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை இருக்க வேண்டும் என்ற விதிக்கு, 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சி எட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

திட்டம் திரும்பி வந்தாலும், அதோடு இணைந்த ஒரு கேள்வி நம்மை விட்டுப் போகாது. மெட்ரோ வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே சாலையோர நிலங்களின் விலை நகரத் தொடங்கிவிடும். செலவு செய்வது பொதுப்பணம். விலையேற்றத்தின் ஆதாயமோ நிலம் வைத்திருப்பவருக்கு. அதில் ஒரு பகுதியை அரசு திரும்ப எடுத்துத் திட்டச் செலவுக்குப் பயன்படுத்தலாம் என்பதே மேம்பாட்டு வரியின் கருத்து. மெட்ரோ கேட்கும் மாநிலங்கள் இதற்கான ஏற்பாட்டையும் காட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய மெட்ரோ கொள்கை சொல்கிறது. ஆகவே கோவைக்கு எப்போது மெட்ரோ வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வரும்.

கருத்து நியாயமானதுதான். பொதுப்பணத்தால் ஒருவருக்குக் கிடைத்த ஆதாயத்தில் பொதுமக்களுக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் எளிதில் மறுக்க முடியாது. சிக்கல், அதை எப்போது, யாரிடம் எடுப்பது என்பதில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணபதியில் ஐந்து சென்ட் இடத்தில் அப்பா காலத்து வீட்டில் ஒரு குடும்பம் வசிக்கிறது. குடும்பத் தலைவருக்கு ஃபவுண்டரியில் வேலை, மாதம் 25,000 ரூபாய் சம்பளம். சென்ட் எட்டு லட்சம் என்று வைத்தால் இடத்தின் மதிப்பு 40 லட்சம். மெட்ரோவால் அது சென்ட் பத்து லட்சமாகிறது. மதிப்பு 50 லட்சம். ஏற்றம் பத்து லட்சம். குஜராத்தின் 1976-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம், ஏற்றத்தில் பாதி வரை பங்களிப்பாகக் கேட்க இடம் தருகிறது. அதே அளவை இங்கே வைத்தால் இந்தக் குடும்பம் ஐந்து லட்சம் கட்ட வேண்டும். அது இருபது மாதச் சம்பளம். ஆனால் அவர்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. வீட்டை விற்றால்தான் அந்தப் பத்து லட்சம் பணமாகும். விற்றுவிட்டால் குடியிருக்க வேறு இடம் தேட வேண்டும்.

அதே சாலையில் ஐம்பது சென்ட் காலி இடத்தை வாங்கிப் போட்டுக் காத்திருப்பவருக்கு ஏற்றம் ஒரு கோடி. அவர் பத்து சென்டை விற்றாலே வரியைக் கட்டிவிட்டு லாபத்தோடு நிற்பார். சட்டத்தின் பார்வையில் இருவரும் ஒரே விகிதம்தான். வாழ்க்கையில் அது ஒரே சுமை அல்ல.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காத வரி என்ன ஆகும் என்பதை நம் நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பவானிசாகர் அணை முடிந்த 1955-ஆம் ஆண்டிலேயே, பாசனத் திட்டத்தால் நிலமதிப்பு உயர்ந்தவர்களிடம் பங்களிப்பு வாங்கச் சென்னை மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வேறு மாநிலங்களும் இதே போன்ற சட்டங்களைக் கொண்டுவந்தன. 1959-இல் பஞ்சாபில் பக்ரா-நங்கல் திட்டத்துக்காக இந்த வரியைக் கேட்டபோது விவசாயிகள் பெரும் போராட்டத்தில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். கால்வாய்த் தண்ணீர் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. காகிதத்தில் ஏறிய மதிப்புக்குக் கையிலிருந்து பணம் கேட்டதுதான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

அகமதாபாத் வேறு வழியைக் கண்டது. அங்கே 76 கிலோமீட்டர் சுற்றுச் சாலைக்கான நிலத்தின் பெரும்பகுதி, நகரமைப்புத் திட்டங்கள் மூலம் திரட்டப்பட்டது. ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பொதுத் தேவைக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை மனைகளாகச் சீர்படுத்தி உரிமையாளர்களிடமே திருப்பித் தருவார்கள். எடுத்த நிலத்துக்கான இழப்பீட்டை, அவர் தர வேண்டிய மேம்பாட்டுப் பங்களிப்பில் கழித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் நிலமாகவே கணக்கு தீர்ந்துவிடுவதால் கையில் பணம் தேட வேண்டிய நெருக்கடி குறைகிறது. இந்த முறை, சரவணம்பட்டிக்கு அப்பால் காலி நிலம் இருக்கும் இடங்களில் பொருந்தலாம். நெருக்கமாக வீடுகளும் பட்டறைகளும் நிற்கும் கணபதியில் எதைச் சேர்த்து எதைத் திருப்பித் தருவது? அங்கே இது உதவாது.

மகாராஷ்டிரா எடுத்த வழி இன்னும் எளிது. மும்பை, புனே, நாக்பூர் நகரங்களில் சொத்து வாங்கும்போது முத்திரைத் தீர்வையோடு ஒரு சதவீத மெட்ரோ கூடுதல் வரி கட்ட வேண்டும். 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 60,000 ரூபாய். பத்திரம் பதியும் நேரத்தில் வசூலாவதால் யாரும் தப்ப முடியாது, தனியாக மதிப்பீடும் தேவையில்லை. ஆனால் மெட்ரோ நிலையத்துக்கு எதிரே வாங்குபவரும், நகரின் மறுகோடியில் சிறு ஃபிளாட் வாங்கும் குடும்பமும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய இடத்தை விற்காமல் வைத்திருப்பவர் எதுவும் கட்டுவதில்லை. ஆதாயம் ஓரிடத்தில், வசூல் இன்னோரிடத்தில். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவுக்கு ஏற்கெனவே மொத்தம் ஒன்பது சதவீதம் போகிறது. இந்த வழியை இங்கே எடுத்தால் முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்கே அடி விழும்.

தமிழ்நாட்டில் ஓரளவுக்கு நடைமுறையில் இருப்பது மூன்றாவது வழி. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, 18 மீட்டருக்கு மேல் அகலமான சாலையில் இடம் வைத்திருப்பவர், அனுமதிக்கப்பட்ட கட்டடப் பரப்பைவிட ஐம்பது சதவீதம் வரை கூடுதலாகக் கட்டக் கட்டணம் செலுத்தி அனுமதி வாங்கலாம். கட்டணம் அரசின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. இதில் ஒரு நல்லது உண்டு. ஐந்து சென்ட் வீட்டில் இருப்பவர் எதுவும் கட்டாமல் இருக்கலாம். மாடி மாடியாக எழுப்பி விற்க நினைப்பவர்தான் கட்டுவார். ஆதாயம் பணமாகும் நேரத்தில், அதைப் பணமாக்குபவரிடம் எடுக்கப்படுகிறது. ஆனால் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும் இடங்களில் பெரிய கட்டடக்காரர் குறைந்த கட்டணத்தில் தப்பிவிடுவார்.

ஆகவே கோவைக்கு இப்படியொரு வரி அறிவிக்கப்பட்டால், மூன்று விஷயங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, எந்தத் தேதியின் விலையை அடிப்படையாக வைக்கிறார்கள் என்பது. பேச்சு கிளம்பிய பிறகு ஏறிய விலையை அடிப்படையாக்கினால், முன்கூட்டியே வாங்கிப் போட்டவரின் ஆதாயம் கணக்கில் வராது. இரண்டு, விற்கும்போதோ கட்டும்போதோ கேட்கிறார்களா, வீட்டில் குடியிருக்கும்போதே கேட்கிறார்களா என்பது. மூன்று, வசூலாகும் பணம் அந்த வழித்தடத்துக்கே தனிக் கணக்காகச் சேருமா, பொது நிதியில் கலந்துவிடுமா என்பது.

வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நிலம் ஏறினால் அவர்களுடைய வாடகையும் ஏறும். ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. வசூலாகும் பணத்தின் ஒரு பகுதி சத்தி சாலையை ஒட்டியே குறைந்த வாடகை வீடுகளுக்குப் போனால்தான், பொதுப்பணத்தால் வந்த ஏற்றம் பொதுமக்களிடம் திரும்பியது என்று சொல்ல முடியும்.