இறுதியாண்டு மாணவர்கள் எழுத வேண்டிய கணக்கு
பாலிடெக்னிக் முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

சுயதொழில் பற்றி உங்கள் இறுதியாண்டு டிப்ளமோ மாணவர்களிடம் அரை மணி நேரம் பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். ஜோகுபாளையத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடை நடத்துபவன் நான். அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்பதையும், உங்களிடம் கேட்க விரும்பும் ஒன்றையும் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அரசு வேலைக்கான அறிவிப்பை எதிர்பார்த்து மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கடன் திட்டங்களைச் சொன்னால், "மானியம் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த மானியம் எப்படி வருகிறது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கப்போகிறேன்.

2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவர் ஒருவர் நகரத்தில் 5 லட்சம் ரூபாயில் ஏசி சர்வீஸ் கடை போடுகிறார். 2022இல் திருத்திய விதிகளின்படி அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு, அதாவது 25,000. மீதி 4,75,000 ரூபாயை வங்கி கடனாகத் தருகிறது. மானியம் 25 விழுக்காடு, 1,25,000 ரூபாய். ஆனால் அது கைக்கு வராது. அவர் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே இருக்கும். அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. கடனில் அதே அளவுக்கு வட்டி போடவும் மாட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அதிகாரிகள் நேரில் பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதி செய்த பிறகே அது கடனில் கழியும். நடுவில் கடையை மூடினால் மானியமும் போய்விடும், கடனும் நிற்கும். ஆகவே மானியத்தைப் பெறுவது மூன்று ஆண்டு தாக்குப்பிடிப்பவர்தான்.

தாக்குப்பிடிக்க என்ன வேண்டும்? வட்டி 11 விழுக்காடு, ஐந்து ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், கடனில் மானிய அளவு போக மீதி 3,50,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 7,600 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 12,000, உதவியாளர் சம்பளம் 15,000, பெட்ரோல் முதலான செலவு 4,400, தன் வீட்டுக்கு 13,000. கூட்டினால் 52,000. உதிரிபாகச் செலவு போக ஒரு வேலைக்கு 500 ரூபாய் நிற்கிறது என்றால், மாதம் 104 வேலை, நாளுக்கு நான்கு. பெங்களூரில் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை இது கிடைக்கும். மழை பிடித்ததும் நாளுக்கு இரண்டாகக் குறைந்தால் மாதம் 26,000 துண்டு விழும். மூன்று மாதத்துக்கு 78,000.

இந்த 78,000 ரூபாயை ஒதுக்காத திட்டம்தான் ஆகஸ்டில் தவணை தவறுகிறது. வேக்குவம் பம்ப், கேஜ், வெல்டிங் செட், வண்டி என்று கடன் பணம் முழுவதையும் பொருளாக வாங்கிவிட்டால் கடை பார்க்க நிறைவாக இருக்கும். மழைக்காலத்தில் கம்ப்ரஸர் வாங்கிப் போடக்கூடக் காசிருக்காது. திட்டச் செலவில் நடைமுறை மூலதனத்தையும் சேர்க்க விதி இடம் தருகிறது. மாணவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது.

இன்னொன்று, பில் பணம். வீட்டுக்காரர் வேலை முடிந்ததும் தருவார். அலுவலகங்கள் மாதக்கணக்கில் இழுக்கும். சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குமேல் இழுக்க முடியாது. இழுத்தால் வட்டியோடு கேட்டு மாநில வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். ஆனால் ஒப்பந்தம் போடும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். கட்டணமில்லாத அந்தப் பதிவுதான் முதல் நாள் வேலை.

எல்லோரும் படிப்பு முடிந்த மறுநாளே கடை போட வேண்டும் என்று சொல்லமாட்டேன். கேஸ் குறைந்த ஏசியில் கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலும் கேஸ் ஏற்றினால், சில வாரத்தில் வாடிக்கையாளர் திரும்ப அழைப்பார். அந்தக் கைப்பழக்கம் வர ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சி நல்லது. காத்திருக்கும் வருடங்களில் ஒன்றை அதற்குக் கொடுக்கலாம்.

ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். இறுதிப் பருவத்தில் மாணவர்கள் செய்யும் புராஜெக்டோடு, ஆளுக்கொரு திட்ட அறிக்கையும் எழுதவையுங்கள். தம் தெருவில் வாடகையையும் கூலியையும் விசாரித்து, மழைமாதக் கணக்கோடு எழுதட்டும். பக்கத்து வங்கி மேலாளர் ஒருவரை அழைத்து அதைத் திருத்தவையுங்கள். தர்மஸ்தலா அருகே உஜிரேயில் 1982இல் தொடங்கிய ருட்செட் நிறுவனம், பயிற்சி முடிந்தவர்களைப் பிறகும் இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனிக்கிறது. நீங்களும் கடை தொடங்கும் மாணவர்களை முதல் மழைக்காலம் வரையாவது கவனியுங்கள். மாணவர்களின் அறிக்கைகளைப் படித்துப் பார்க்க, கடை அடைத்த பிறகு மாலையில் வர நான் தயார்.

இப்படிக்கு,
ஏசி சர்வீஸ் கடைக்காரர்,
ஜோகுபாளையம், பெங்களூரு