ஒரு வாரம் எதற்கு?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மேம்படுத்த ஒரு வாரம் சேவையை நிறுத்தக் கேட்டு மேலாளருக்கு எழுதும் பொறியாளர், பாதுகாப்பு, வேகம் என்று பொதுவாக எழுதியே அனுமதியைக் கோட்டை விடுகிறார். `pg_upgrade --link` சில நிமிடங்களில் முடியும் என்று மேலாளர் எங்காவது படித்திருப்பார். அது உண்மையும்கூட. மின்னஞ்சல் விளக்க வேண்டியது அதற்குப் பிறகு வருவதை. கூடவே பழைய லினக்ஸிலிருந்து புதியதற்கும் மாறினால் ஒரு சிக்கல் உண்டு: 2018-இல் வந்த glibc 2.28 எழுத்துகளின் வரிசை முறையையே மாற்றியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் அதனால் நின்றுவிடாது. ஆனால் பதிவில் இருக்கும் வாடிக்கையாளர் தேடலில் அகப்படாமல் போகலாம். ஒரே முகவரி இருமுறை பதிவாகலாம். எழுத்துகளைக் கொண்ட இண்டெக்ஸ்களை `REINDEX` செய்தே ஆக வேண்டும். பெரிய அட்டவணைகளில் நேரத்தை விழுங்குவது இதுதான். மேலும், `--link` முறையில் புதிய சர்வரைத் தொடங்கிவிட்டால் பழையதற்குத் திரும்ப வழியில்லை, காப்புப்பிரதியிலிருந்துதான் மீட்க வேண்டும். அந்த மீட்பு நேரமும் கணக்கில் சேரும். இவற்றை ஒரு நகலில் ஒத்திகை பார்த்து, அளந்த மணிக்கணக்கை எழுதட்டும். ஒத்திகையே இல்லாமல் ஒரு வாரம் கேட்டால், மறுக்கும் மேலாளரை நான் குறைசொல்ல மாட்டேன்.