180 நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

கொழும்பில் வியாபாரிகள் நாலு பேர் கூடி ஐரோப்பியப் பயணம் பற்றிப் பேசினால் இரண்டு 'சட்டங்கள்' தவறாமல் காதில் விழும். ஒன்று, வீசா மறுக்கப்பட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பது. மற்றது, ஐரோப்பாவில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஒரு நாள் டுபாய்க்கோ லண்டனுக்கோ வந்து திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது. இரண்டுமே பிழை. முதலாவதை நம்பியவர் வாய்ப்பை இழக்கிறார். இரண்டாவதை நம்பியவர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார். இரத்தினக்கல் வியாபாரத்திற்காக ஜேர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் பக்கம் போய்வரும் எம்மவர்களுக்கும், கண்காட்சிகளுக்குச் செல்லும் ஏற்றுமதியாளர்களுக்கும் இது பணம் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விண்ணப்பம். ஷெங்கன் நாடுகளின் குறுகிய கால வீசாவுக்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. இன்று மறுப்புக் கடிதம் கிடைத்தால் நாளையே மீண்டும் விண்ணப்பிக்கலாம். முன்னர் மறுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய விண்ணப்பத்தைத் தானாக நிராகரிக்கக் கூடாது என்று அவர்களுடைய வீசாச் சட்டக்கோவையே கூறுகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் கட்ட வேண்டும். 2024 ஜூன் முதல் வளர்ந்தவர்களுக்கு அது 90 யூரோ, மறுக்கப்பட்டால் திரும்பக் கிடைக்காது. எனவே நாட்களைப் பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மறுப்புப் படிவத்தில் எந்தக் காரணத்துக்கு நேரே அடையாளம் இடப்பட்டிருக்கிறதோ அதைத் தீர்த்துவிட்டுப் போவதில்தான் அர்த்தம் உண்டு. வங்கிக் கணக்கில் குறை என்றால் ஆறு மாதம் அல்ல, ஆறு வருடம் பொறுத்தாலும் அதே கணக்கைக் கொண்டுபோனால் அதே பதில்தான். விண்ணப்பத்துக்கு உள்ள கால எல்லை வேறொன்று: பயணத்திற்கு ஆறு மாதத்துக்கு முன்னரும் கொடுக்கக் கூடாது, பொதுவாக 15 நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது.

கால எல்லை கடுமையாக இருப்பது தங்குவதில்தான். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பதே விதி. இதில் 'எந்த' என்ற சொல்லில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரிந்தால் விதி தானாகவே விளங்கும்.

முன்னைய விதி, முதலாவது நுழைவுத் திகதியிலிருந்து ஆறு மாதத்தில் மூன்று மாதம் என்பதாக இருந்தது. அதாவது முதல் தடவை காலடி வைத்த நாளில் ஒரு பெட்டியைத் திறக்கிறீர்கள், ஆறு மாதத்தில் அது மூடப்படும், அடுத்து நுழையும் நாளில் புதிய பெட்டி திறக்கும். இதிலுள்ள ஓட்டையை ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது பொட் என்ற ருமேனியரின் வழக்கு. அவர் 2002 ஓகஸ்டில் முதலில் நுழைந்தவர். இடையிடையே வெளியே சென்று, ஆறு மாதம் முடிந்து சில நாட்களில், 2003 பெப்ரவரியில் மீண்டும் நுழைந்தார். முந்திய தங்கல்களையும் சேர்த்துப் பார்த்து அவரை வெளியேற்ற பிரான்ஸ் முடிவெடுத்தது. 2006 ஒக்டோபரில் நீதிமன்றம், ஆறு மாதம் முடிந்தபின் வரும் நுழைவும் ஒரு 'முதலாவது நுழைவு'தான் என்று தீர்த்தது. அதன்படி, ஒருவர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, அந்த ஆறு மாதத்தின் கடைசி மூன்று மாதம் தங்கி, அது முடிந்ததும் உடனே மீண்டும் நுழைந்து இன்னும் மூன்று மாதம் இருக்கலாம். ஏறத்தாழ ஆறு மாதம் தொடர்ச்சியாக! விதியை எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

ஓட்டையை அடைக்கவே 2013 ஒக்டோபர் 18 முதல் விதி மாற்றப்பட்டது. இப்போது பெட்டி கிடையாது. ஒரு ஜன்னல் உங்களுடன் கூடவே நகர்கிறது. நீங்கள் அங்கு இருக்கும் ஒவ்வொரு நாளிலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்கள் எண்ணுவார்கள். அதற்குள் நீங்கள் இருந்த நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. போய் இறங்கிய நாளும் ஒரு நாள், விமானம் ஏறிய நாளும் ஒரு நாள். 'மூன்று மாதம்' என்பது '90 நாள்' என்றும் அப்போதுதான் மாறியது. ஜூலை முதலாம் திகதியிலிருந்து செப்டெம்பர் 30 வரை இருப்பவர் மூன்று மாதம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அது 92 நாட்கள்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பேருவளை வியாபாரி ஒருவரிடம் ஒரு வருடத்துக்குப் பல தடவை நுழையக்கூடிய, 90 நாட்கள் தங்கக்கூடிய வீசா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025இல் ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை ஜேர்மனியில் இருந்தார்: 42 நாட்கள். பின்னர் மே 1 முதல் ஜூன் 5 வரை: 36 நாட்கள். மொத்தம் 78. ஜூலை முதலாம் திகதி மீண்டும் போகிறார். எத்தனை நாள் இருக்கலாம்?

எனக்குத் தெரிந்த பயண முகவர்கள் சிலர் உடனே, 90இல் 78 போக 12, ஆகவே ஜூலை 12இல் திரும்பிவிட வேண்டும் என்பார்கள். நுழையும் நாளில் அந்தக் கணக்கு சரிதான். ஜன்னல் நகர்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். ஜூலை 9ஆம் திகதி வரும்போது ஜன்னலின் பின் எல்லை ஜனவரி 11க்கு வந்துவிடும். ஜனவரி 10 வெளியே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் கூட்டும் ஒவ்வொரு நாளுக்கும் பழைய நாள் ஒன்று கழிகிறது. எண்ணிக்கை 86இலேயே நிற்கிறது. பெப்ரவரி 20 வரையான நாட்கள் அத்தனையும் ஓகஸ்ட் 19உடன் கழிந்து முடிந்த பின்னர்தான் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கும். ஓகஸ்ட் 23ஆம் திகதி சரியாக 90. அன்று அவர் வெளியேற வேண்டும். 12 நாட்கள் என்று சொல்லப்பட்டவர் உண்மையில் 54 நாட்கள் இருந்திருக்கலாம். அவசரமாகத் திரும்பி வந்து, கொடுக்கல் வாங்கலைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதே மனிதர் பழைய பெட்டிக் கணக்கை நம்பினால் நிலைமை தலைகீழாகும். ஜனவரி 10இல் தொடங்கிய ஆறு மாதம் ஜூலை 9உடன் முடிகிறது, 10ஆம் திகதி நுழைந்தால் புதிதாக 90 நாட்கள், ஒக்டோபர் 7 வரை இருக்கலாம் என்று கணக்குப் போடுவார். ஆனால் மே, ஜூன் மாதத்து 36 நாட்களும் ஜன்னலுக்குள் அப்படியே இருக்கின்றன. செப்டெம்பர் 1ஆம் திகதியே அவருடைய 90 முடிந்துவிடும். மீதி 36 நாட்களும் சட்டவிரோதத் தங்கல்.

வீட்டிலேயே கணக்குப் பார்க்க வழி இருக்கிறது. நுழையும் திகதியை வைத்துப் பார்க்காதீர்கள், திரும்பும் திகதியை வைத்துப் பாருங்கள். அதிலிருந்து 179 நாட்களைக் கழித்தால் ஜன்னலின் தொடக்க நாள் வரும். அதற்கும் திரும்பும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் அங்கு இருந்திருப்பீர்கள் என்று கூட்டுங்கள், இந்தப் பயணத்தையும் சேர்த்து. 90க்குள் இருந்தால் பயணம் முழுவதும் சரி. தொடர்ச்சியாக ஓரிடத்தில் இருக்கும்போது எண்ணிக்கை ஒருபோதும் குறையாது, ஏறும் அல்லது நிற்கும். ஆகவே கடைசி நாள் சரியென்றால் அதற்கு முந்திய நாட்களும் சரி. ஐரோப்பிய ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் உண்டு. ஆனால் வீசாவில் குறைந்த நாட்கள் எழுதப்பட்டிருந்தால், உதாரணமாக 15 நாள் என்று இருந்தால், அந்த எண்தான் செல்லும். 90 என்பது உச்ச எல்லை மட்டுமே.

டுபாய்க்கு ஒரு நாள் வந்து திரும்புவதால் எதுவும் அழிவதில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். புதிய வீசா எடுத்தாலும், வேறு நாட்டுத் தூதரகத்தில் எடுத்தாலும், கடவுச்சீட்டை மாற்றினாலும் அப்படித்தான். கணக்கு மனிதனுடையது. அந்த வீசா ஒட்டப்பட்ட புத்தகத்துடையதல்ல. 90 நாட்களையும் ஒரே மூச்சில் இருந்து தீர்த்தவர் 90 நாட்கள் முழுதாக வெளியே இருக்க வேண்டும். முன்னர் குரோஷியாவிலோ ருமேனியாவிலோ போய் அந்த நாட்களைக் கழித்தவர்கள் இருந்தார்கள். குரோஷியா 2023 ஜனவரியிலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது. நீண்டகால வேலை வீசாவில் அங்கு இருக்கும் நாட்கள் மட்டும் இந்த 90இல் சேராது.

இந்த ஜன்னல் விதி கடுமையானதுதான், ஆனால் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். எந்த நாளிலிருந்து, எந்த நாள்வரை, எது எண்ணப்படும், எது எண்ணப்படாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எமது நாட்டில் நிறுவனங்களும் சங்கங்களும் போடும் விதிகளை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் வழங்கும் நிறுவனமொன்றில், மூன்று மாதத்துக்குள் மீண்டும் விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும் என்று விதி. எனக்குத் தெரிந்த சிறு கடைக்காரர் ஒருவரின் முதல் விண்ணப்பம் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி இல்லாததால் திரும்பியது. இரண்டு வாரத்தில் பிரதியுடன் போனார், மூன்று மாதம் ஆகவில்லை என்று நிராகரித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் போனபோது, இரண்டாவது விண்ணப்பத்திலிருந்து எண்ண வேண்டும், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றார்கள்.

ஒரே ஆள் வாரத்துக்கு ஒரு தடவை வந்து நின்றால் அலுவலகம் வேலை செய்ய முடியாது, ஒரு தடை வேண்டும்தான். ஆனால் பத்திரம் குறைந்ததற்காகத் திரும்பிய விண்ணப்பத்தை ஏன் எண்ண வேண்டும்? அதை யாரும் பரிசீலிக்கவே இல்லை. விதியால் தடுக்கப்பட்ட விண்ணப்பமே மறுபடி கடிகாரத்தைத் தொடக்கி வைப்பது அதைவிட மோசம். கதவைத் தட்டத் தட்டப் பூட்டு இறுகுகிறது. பரிசீலித்து முடிவு சொல்லப்பட்ட விண்ணப்பத்தின் முடிவுத் திகதியிலிருந்து இத்தனை நாட்கள் என்று எழுதி, மீண்டும் வரக்கூடிய திகதியை மறுப்புக் கடிதத்திலேயே அச்சிட்டுக் கொடுத்தால் அந்தக் கடைக்காரர் மூன்று தடவை பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு தகவல். இதுவரை கடவுச்சீட்டில் குத்திய முத்திரைகளைப் பார்த்துத்தான் அதிகாரி எண்ணினார். முத்திரை மங்கியிருந்தால் சில நாட்கள் கண்ணில் படாமல் போனதும் உண்டு. 2025 ஒக்டோபர் 12 முதல் அங்கு படிப்படியாக நடைமுறைக்கு வந்த முறையில் முகப்படமும் கைரேகையும் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிகிறார்கள். நாட்களைக் கணினியே எண்ணுகிறது.