முந்திப் பதிஞ்சவன் எல்லாம் ஹீரோ இல்லை

2024 ஒக்ரோபரில jiohotstar.com கதை வந்தபோது நெல்லியடிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில எங்கட பெடியள் எல்லாரும் ஒரே கட்சி. டில்லிப் பெடியன் ஒருத்தன் அம்பானியையே மடக்கிப்போட்டான் எண்டு ஒரே புளுகம். எனக்கு அப்பவே அதில உடன்பாடு இல்லை. அண்டைக்குச் சொல்ல விட்டதை இப்ப எழுதுறன்.

நடந்தது இதுதான். சாவன் எண்ட பாட்டுச் செயலியை ஜியோ தன்னோட இணைச்சு 'ஜியோசாவன்' ஆக்கினது அந்த டெவலப்பருக்குத் தெரியும். ஹொட்ஸ்டாருக்கும் அதுதான் நடக்கும் எண்டு கணிச்சு, 2023இல அந்த டொமைனைப் பதிஞ்சு வைச்சார். இணைப்பு உறுதியானதும், கேம்பிரிட்ஜில தான் படிக்கிற செலவை ரிலையன்ஸ் தரட்டும் எண்டு அந்தத் தளத்திலயே கடிதம் போட்டார். கேட்ட தொகை 93,345 பவுண். ரிலையன்ஸ் மறுத்தது, சட்ட நடவடிக்கை எண்டது. பிறகு டொமைன் துபாயில இருக்கிற ரெண்டு பிள்ளையளின்ர கைக்குப் போய், கடைசியில சும்மாவே தரலாம் எண்ட இடத்தில வந்து நிண்டது.

"காணி வாங்கி வைச்சு, றோட்டு வந்தாப்பிறகு விக்கிறதில்லையோ? அதுமாதிரித்தானே" எண்டு கேக்கிறீங்கள். இல்லை. காணியில நெல்லு விதைக்கலாம், வீடு கட்டலாம். jiohotstar எண்ட சொல்லுக்கு அந்த ரெண்டு கொம்பனியின்ர பெயரை விட்டா வேற என்ன பெறுமதி இருக்கு? ஐகான் 1999இல கொண்டுவந்த பிணக்குத் தீர்வு விதி கேக்கிறதும் இதைத்தான். பெயர் இன்னொருவரின்ர வணிகக்குறியோட குழம்புதா, பதிஞ்சவருக்கு அதில நியாயமான தேவை இருக்கா, கெட்ட நோக்கத்தோட பதிஞ்சாரா? குறிக்காரருக்கே கூடின விலைக்கு விக்கிறதுக்காகப் பதிஞ்சா அது கெட்ட நோக்கம். ரெண்டு கொம்பனி இணையும் எண்டு ஊகிச்சு முந்திப் பதியிறதும் அதுக்குள்ளதான் விழும். வழக்கில தோத்தா ஒரு சதம்கூட இல்லாமல் பெயர் போகும். அந்தக் கடிதம் பேரம் இல்லை, தனக்கு எதிரான சாட்சியைத் தானே எழுதி ஒப்பமிட்டது.

சரி, அப்ப பெரியவன் கேட்டா எப்பவும் குடுக்கவேணுமோ? அதுவும் இல்லை. அமெரிக்காவில ஊசி நிசான் எண்டவர் 1994இல nissan.com பதிஞ்சார். அது அவரின்ர குடும்பப் பெயர், அவர் கொம்பியூட்டர் வியாபாரம் செய்தவர். கார்க் கொம்பனி 1999இல வழக்குப் போட்டு வருசக்கணக்கா இழுத்தும் அந்தப் பெயரை அவரிட்ட இருந்து பறிக்க ஏலாமல் போச்சு. எங்கட ஹீரோ இவரா இருந்திருக்கவேணும்.

இப்ப எங்கட பக்கத்துக் குற்றம். எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சாதாரண தமிழ்ச் சொல்லை .com ஆக எடுக்க நினைச்சம். ஆரோ முந்தியே பதிஞ்சு, வெறும் பக்கமா வைச்சிருந்தார். உடனே "கள்ளன்" எண்டம். ஏன் கள்ளன்? அந்தச் சொல்லு எங்களுக்கும் சொந்தமில்லை, அவருக்கும் சொந்தமில்லை. முந்திப் பதிஞ்சு வருசாவருசம் காசு கட்டினவர் அவர். டில்லிக்காரர் ஹீரோ, இவர் கள்ளன் எண்டால் எங்கட நியாயம் எந்தப் பக்கம் நிக்குது?

அதோட நாங்கள் எழுதின முதல் மின்னஞ்சலே பிழை. "பனர் அடிச்சிட்டம், அடுத்த மாசம் வெளியீடு, கட்டாயம் வேணும்" எண்டு எழுதினா ஆர் விலையைக் குறைப்பார்? 2,500 டொலர் எண்டு பதில் வந்தது. எழுதவேண்டியது ரெண்டு வரிதான்: இந்தப் பெயரை விக்கிற எண்ணம் இருக்கா, இருந்தா எவ்வளவு? நீங்கள் ஆர் எண்டு தெரிஞ்சாலே விலை ஏறும் எண்டால் மட்டும் தரகர் பிரயோசனம். அவர் உங்கட பெயரைச் சொல்லாமல் கேப்பார், அதுக்குத் தரகுக்காசு எடுப்பார். எங்களைமாதிரி வெறுங்கை மாணவருக்கு ஒளிக்க என்ன இருக்கு?

பிறகு, தானே ஒரு 'தரகர்' எண்டு சொல்லி இன்னொருத்தர் எழுதினார். 400 டொலருக்கு முடிச்சுத் தாறன், காசை முதல்ல அனுப்புங்கோ எண்டார். ஒண்டுதான் கேட்டம்: அந்த டொமைனின்ர டிஎன்எஸ்ஸில நாங்கள் சொல்லுற ஒரு சொல்லை TXT பதிவாப் போட்டுக் காட்டுங்கோ. பெயர் உண்மையாக் கையில இருக்கிறவருக்கு அது அஞ்சு நிமிச வேலை. ஆள் அதோட காணாமல் போனார். உண்மையான ஆள் எண்டாலும் காசை நேர அனுப்பக்கூடாது. எஸ்க்ரோ சேவையிட்டக் கட்டி, பெயர் உங்கட கணக்குக்கு வந்தாப்பிறகுதான் விற்றவருக்குக் காசு போகவேணும்.

கடைசியில நாங்கள் அந்தப் பெயரை வாங்கேல்லை. இன்னொரு சொல்லைச் சேர்த்து, வழமையான வருசக் கட்டணத்தில புதுசாப் பதிஞ்சம். பனரை மட்டும் திரும்ப அடிக்கவேண்டி வந்தது. அந்தக் காசு ஆரும் களவெடுத்ததில்லை, டொமைனைப் பாக்காமல் பனர் அடிச்ச எங்கட அவசரத்துக்கு நாங்களே கட்டினது.