முதலில் கடிதம், பிறகு காசோலை

புதிய கூட்டுரிமை வீட்டின் மாதிரிக் கூடத்துக்குள் போனதும் விற்பனை முகவர் காப்பி கொடுப்பார், வரைபடம் காட்டுவார். பிறகு, “ஐபிஏ எடுத்தாச்சா?” என்று கேட்பார். இவ்வளவு கடன் தரத் தயார் என்று வங்கி கொள்கை அளவில் ஒப்புதல் சொல்லும் கடிதம்தான் அது. கட்டணம் பெரும்பாலும் இல்லை. வழக்கமாக 30 நாள் செல்லுபடியாகும்.

முகவரைத் திருப்திப்படுத்தத்தானே என்று பலர் அதைக் கடைசி நேரத்தில் வாங்குகிறார்கள். உண்மையில் அது நம் பணத்துக்கான காப்பு. எப்படி என்பதை என் தோழி வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

தோழிக்கும் அவர் கணவருக்கும் வயது 33. கணவருக்கு மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம். தோழி மேடை நிகழ்ச்சி நெறியாளர். மாதத்துக்கு மாதம் மாறினாலும் சராசரி 4,000 வெள்ளி வரும். கார் கடனுக்கு மாதம் 900 வெள்ளி போகிறது. அவர்கள் கண் வைத்தது 1.3 மில்லியன் வெள்ளி வீடு. முதல் வீட்டுக் கடன் என்பதால் விலையில் 75 விழுக்காடு வரை, அதாவது 975,000 வெள்ளி வரை கடன் கேட்கலாம்.

“மாசம் பத்தாயிரம் வருது, இது கிடைக்காதா?” என்றார் தோழி. வங்கி அப்படிப் பார்ப்பதில்லை. அவருடையது போன்ற நிலையில்லாத வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்துவிடும். 4,000 வெள்ளி 2,800 ஆகிவிடும். இருவருக்கும் சேர்த்து 8,800. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, எல்லாக் கடன்களுக்கும் கட்டும் மாதத் தவணை இதில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அது 4,840 வெள்ளி. கார் தவணை போக வீட்டுக்கு மிஞ்சுவது 3,940.

இன்னொரு விஷயம். வங்கி விளம்பரத்தில் வட்டி குறைவாக இருந்தாலும், தகுதியைக் கணக்கிடும்போது குறைந்தது 4 விழுக்காடு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வட்டியில், 30 ஆண்டுத் தவணைக்கு, 3,940 வெள்ளி தாங்கக்கூடிய கடன் சுமார் 825,000. தேவைக்கு 150,000 வெள்ளி குறைகிறது!

அதே கணக்கைக் கார் கடன் இல்லாமல் போட்டுப் பார்த்தோம். தாங்கக்கூடிய கடன் ஒரு மில்லியனைத் தாண்டிவிட்டது. மாதம் 900 வெள்ளிக் கார் தவணை, வீட்டுக் கடனில் ஏறக்குறைய 188,000 வெள்ளியைத் தின்றிருக்கிறது. காருக்கு இன்னும் 20,000 வெள்ளிதான் பாக்கி. சேமிப்பிலிருந்து அதை அடைத்து, அடைத்ததற்கான கடிதத்தையும் வங்கியிடம் கொடுத்தார்கள். கடன் தகவல் பதிவில் அந்த மாற்றம் ஏறச் சில வாரம் ஆகலாம் என்பதால் அந்தக் கடிதம் அவசியம். அதன் பிறகுதான் 975,000 வெள்ளிக்கு ஒப்புதல் வந்தது.

கடிதம் இல்லாமலே பதிவு செய்திருந்தால்? பதிவுத் தொகை விலையில் 5 விழுக்காடு, இங்கே 65,000 வெள்ளி. அதை ரொக்கமாகத்தான் தர வேண்டும், மசேநிதியைத் தொட முடியாது. பணம் கட்டியதும் வாங்கும் உரிமைப் பத்திரம் கிடைக்கும். இரண்டு வாரத்துக்குள் விற்பனை ஒப்பந்தம் வரும். அது கைக்கு வந்து மூன்று வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். கடன் போதவில்லை என்று அப்போது பின்வாங்கினால், பதிவுத் தொகையில் கால்வாசி கட்டுமான நிறுவனத்துக்குப் போய்விடும். தோழிக்கு அது 16,250 வெள்ளி.

எனவே வங்கிக்குப் போகும்போது, “எவ்வளவு தருவீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். குறிவைத்த விலைக்கு எவ்வளவு கடன் வேண்டும் என்று சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் எந்தக் கடன் இடிக்கிறது என்று கேளுங்கள். சம்பளக்காரர்கள் சம்பளச் சீட்டும் மசேநிதிப் பதிவும் கொடுத்தால் போதும். சொந்தத் தொழில் செய்வோரிடம் பொதுவாக இரண்டு ஆண்டு வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். கடிதம் வந்ததும் தொகை, தவணைக் காலம், கடன் வாங்குவோர் பெயர்கள், காலாவதித் தேதி நான்கையும் சரிபாருங்கள். வீட்டில் யார் பெயர் சேரப்போகிறது, கடனில் யார் பெயர் இருக்கிறது என்பதில் குழப்பம் வேண்டாம்.

இந்தக் கடிதம் இறுதி வாக்குறுதி அல்ல. வீட்டை மதிப்பிட்ட பிறகு வங்கி தரும் கடன் சலுகைக் கடிதம்தான் இறுதியானது. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்தே கடன். இடைப்பட்ட நாளில் வேலை மாறினாலோ புதுத் தவணை ஒன்றைத் தொடங்கினாலோ வங்கி மறுபடியும் கணக்குப் போடும். தோழி வீட்டில் அதனால்தான் புது சோபாவைக்கூடத் தவணையில் வாங்காமல் தள்ளிவைத்திருக்கிறார்கள்.