அப்பாவின் எழுத்து, எட்டடிப் பலகையில்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டித் திரிங்காப் பக்கம் போகும் சாலையில், கியா பார்ம் வந்தால் வண்டி தானாகவே மெதுவாகிவிடும். வார இறுதி என்றால் நின்றே விடும். இருபுறமும் கடைகள்: ஸ்ட்ராபெரி, சோளம், கீரை, தேன், தேயிலைப் பொட்டலம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே சரக்கைத்தான் விற்கிறார்கள். நகராத வண்டிக்குள் இருப்பவருக்கு ஒரு கடையை வேறுபடுத்திக் காட்டுவது பெயர்ப்பலகை மட்டுமே.

அங்கே கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அண்மையில் ஒரு தாளைக் கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய அப்பா, பல ஆண்டுகளுக்கு முன் நீல மையில் வரைந்தது. இரண்டு இலை, நடுவே ஒரு மொட்டு, கீழே ‘மலைத் தேயிலை’ என்ற எழுத்து. அகலம் 8 சென்டிமீட்டர். இத்தனை நாளும் அதை நகலெடுத்துத்தான் பொட்டலங்களில் ஒட்டி வந்தார்கள். இப்போது 8 அடியில் பலகை வைக்க வேண்டும். பலகைக்காரர் கைப்பேசிப் படத்தைப் பார்த்துவிட்டு, “வெக்டர் ஃபைல் இருக்கா தம்பி? இல்லன்னா கம்ப்யூட்டர் எழுத்துலயே அடிச்சிடலாம்” என்றாராம். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது; மறுபடி எழுதித் தர முடியாது. அந்தத் தாளில் இருப்பதை விட்டால் வேறு பிரதி இல்லை.

பலகைக்காரர் கேட்டது நியாயம்தான். கைப்பேசிப் படத்தில் அந்தச் சின்னம் வெறும் 300 புள்ளி அகலத்தில் இருந்தது. 8 அடி என்பது ஏறக்குறைய 2,440 மில்லிமீட்டர். அதை 300 புள்ளிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு புள்ளியும் 8 மில்லிமீட்டர் சதுரமாகிவிடும். பென்சிலின் தடிமனைவிடப் பெரிய படிக்கட்டு, சாலையிலிருந்தே தெரியும். வெக்டர் என்பது புள்ளிகளைச் சேமிப்பதில்லை. ‘இங்கே தொடங்கு, இந்தப் பக்கம் வளைந்து அங்கே போய் முடி’ என்று கோட்டின் பாதையைச் சேமிக்கிறது. எத்தனை அடிக்குப் பெருக்கினாலும் கணக்கு அதேதான். 1960களில் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பியேர் பெஸியே கார் உடலின் வளைவுகளுக்காகப் பரப்பிய கணிதம்தான் இன்று அப்பாவின் ‘லை’க்கும் உதவுகிறது.

இந்த வேலைக்கு இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தைப் போட்டு Trace Bitmap பொத்தானை அழுத்தினால் பாதை கிடைத்துவிடும். தம்பியும் அதைத்தான் செய்து பார்த்திருந்தார். கிடைத்தது கரையான் அரித்த இலை போல இருந்தது. பொத்தானில் கோளாறு இல்லை; கோளாறு அதற்கு முன்னால் கொடுத்த படத்தில்.

எனவே தாளை மறுபடி ஸ்கேன் செய்தோம். இந்த முறை 600 டிபிஐ, வண்ணத்தில், ஜேபெக் இல்லாமல் பிஎன்ஜியாக. பல ஸ்கேனர்களில் ‘எழுத்து’ அல்லது ‘கறுப்பு வெள்ளை’ என்று ஒரு தேர்வு இருக்கும். கோட்டுப் படம்தானே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். மையின் ஓரத்தில் விழும் புள்ளி பாதி மை, பாதித் தாள் என்றால் வண்ண ஸ்கேன் அதை நடுத்தர நிறமாகப் பதியும். அந்த நிறம்தான் ‘கோடு இந்தப் புள்ளிக்குள் பாதி தூரம் வந்திருக்கிறது’ என்று சொல்லும் தகவல். கறுப்பு வெள்ளை ஸ்கேன் அந்தத் தகவலை அங்கேயே தூக்கி எறிந்துவிட்டுப் படிக்கட்டை மட்டும் கொடுக்கும். 600 டிபிஐயில் 8 சென்டிமீட்டர் என்பது சுமார் 1,890 புள்ளி.

அடுத்த தொல்லை தாளில். மலையின் ஈரத்தில் பழைய காகிதம் என்ன ஆகும் என்று அங்கே வீடு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுப்புப் புள்ளிகள், மடித்த இடத்தில் மஞ்சள் கோடு. வண்ணத்தில் ஸ்கேன் செய்ததன் இரண்டாவது பலன் இங்கே. கிம்ப் மென்பொருளில் Colors > Components > Extract Component போய் RGB Red என்பதைத் தேர்ந்தெடுத்தோம். பழுப்பிலும் மஞ்சளிலும் சிவப்பு நிறைய இருப்பதால் அவை தாளோடு தாளாக வெளுத்துவிடுகின்றன. நீல மையில் சிவப்பு குறைவு. அது கருமையாகத் தங்கிவிடுகிறது. ஒரே சொடுக்கில் பாதிக் கறை போயிற்று. சிவப்பு மையில் வரைந்த படமாக இருந்தால் இந்த வித்தை நேர்மாறாகும்; அங்கே நீலத்தையோ பச்சையையோ எடுக்க வேண்டும்.

பிறகு செய்ததைத் தம்பி நம்பவில்லை. படத்தை இரு மடங்கு பெரிதாக்கி, Gaussian Blur கொடுத்து லேசாக மங்கலாக்கினோம். அளவு 2தான். கூர்மை வேண்டும் என்று வந்தவரிடம் மங்கலாக்கச் சொன்னால் முகம் சுளிக்கத்தானே செய்வார்! ஆனால் அடுத்த அடியில் Colors > Threshold கொடுத்து, இதற்கு மேல் வெள்ளை, இதற்குக் கீழ் கறுப்பு என்று வெட்டும்போது, அந்த மங்கல் சரிவின் நடுவே வெட்டு விழுகிறது. ஓரத்தில் இருந்த நடுத்தர நிறங்கள் எல்லாம் கூடிப் பேசி எல்லை எங்கே என்று முடிவு செய்கின்றன. முடிவில் வரும் கோடு முன்னைவிட வழுவழுப்பு.

அளவு ஏன் 2, ஏன் 20 இல்லை? இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தேயிலை ஓரம் வழுவழுப்பானதல்ல. ரம்பம் போல் சிறு பற்கள் உண்டு. தோட்டத்துக்காரர் அதை மறப்பாரா? இலை ஓரம் முழுக்க ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் பல் வைத்து வரைந்திருந்தார். கணினிக்கு அவர் வைத்த பல்லும் ஸ்கேனர் வைத்த படிக்கட்டும் ஒன்றுதான், இரண்டுமே கரடு. வித்தியாசம் அளவில் இருக்கிறது. 600 டிபிஐயில் ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர். அப்பாவின் ஒரு பல் என்பது ஏறக்குறைய 24 புள்ளி. இரு மடங்காக்கிய பின் 48. இரண்டு புள்ளி அளவு மங்கல் ஸ்கேனரின் படிக்கட்டைத் தின்னும், பல்லைத் தொடாது. 20 கொடுத்தால் தேயிலை வெற்றிலையாகிவிடும்.

இப்போதுதான் இங்க்ஸ்கேப். Path > Trace Bitmap, அதில் Brightness cutoff. உள்ளே வேலை செய்வது பீட்டர் செலிங்கர் என்ற கணிதப் பேராசிரியர் எழுதிய போட்ரேஸ். அது கறுப்புப் பரப்பின் எல்லையைச் சுற்றி வந்து, முதலில் நேர்கோடுகளாக ஒட்டி, பின் எங்கே வளைவு, எங்கே முனை என்று தீர்மானிக்கும். நமக்கு முக்கியமான திருகுகள் இரண்டே. Speckles என்பது இத்தனை புள்ளிக்குக் குறைவான துணுக்கை விட்டுவிடு என்பது. மிச்சமிருந்த கறைத் துகள்களுக்காக அதை 40 வரை ஏற்றினோம். ஏற்றும்போது ‘த்’தின் மேல் இருக்கும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள், சின்ன எழுத்தில் எழுதிய படமென்றால் அதுவும் குப்பையோடு போய்விடும்.

இரண்டாவது Smooth corners. பூஜ்யம் என்றால் எல்லாம் முனை, 1.34 என்றால் முனையே இல்லை. இலைக்கு முனை வேண்டும், எழுத்துக்கு வளைவு வேண்டும். ஒரே எண்ணில் இரண்டையும் பிடிக்க முயன்றால் இரண்டும் அரைகுறை. இலைப் பகுதியைத் தனியாக வெட்டி 0.6க்கும், எழுத்தைத் தனியாக 1.1க்கும் ஓட்டினோம். பிறகு பக்கத்தில் வைத்துச் சேர்த்துக்கொள்ள என்ன கஷ்டம்?

முடிந்ததும் ஒன்றைக் கவனியுங்கள்: புதுப் பாதை பழைய படத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழையதை நகர்த்தி அழிக்காமல் ‘வெக்டர் ஆகவே இல்லையே’ என்று பலர் குழம்புகிறார்கள். சொடுக்கினால் கீழ்ப்பட்டையில் Image என்று வந்தால் அது இன்னும் படம். Path என்று வந்து பக்கத்தில் எத்தனை nodes என்று காட்டினால்தான் பாதை. ஜேபெக்கைப் பிடிஎஃபுக்குள் திணித்து வெக்டர் என்று விற்கும் கெட்டிக்காரர்களையும் இதே சோதனையில் பிடிக்கலாம்.

அந்த nodes எண்ணிக்கையை நான் மருத்துவர் நாடி பார்ப்பது போலப் பார்ப்பேன். முழு வட்டத்துக்கே நான்கு முடிச்சு போதும். ஆனால் ‘லை’யின் ஐகாரக் கொம்பு ஒன்றுக்கே இங்கே 61 வந்திருந்தது. தாளில் மை கசிந்த ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு முடிச்சு. Ctrl+L அழுத்தினால் Simplify தானாகக் குறைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எழுத்தில் ஒருமுறை பரவாயில்லை. இலையில் அழுத்தினால் பற்கள் முதலில் போகும். கொம்பை மட்டும் கையால் திருத்தினோம். N விசையால் முடிச்சுக் கருவியை எடுத்து, சுழியின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய எல்லைகளில் உள்ளவற்றை வைத்துக்கொண்டு, இடையில் இருப்பவற்றை Delete கொடுத்தால் வளைவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். 61 என்பது 18 ஆனது. பின்னணியில் ஸ்கேனை மங்கலாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டே செய்தோம். கொம்பின் வால் அப்பா இழுத்தபடி சற்றே கீழ்நோக்கியே இருக்கிறது. அது பிழை இல்லை, அவருடைய கை. அதை நேராக்க வேண்டாம் என்று தம்பியே சொன்னார்.

சுழிகளில் இன்னொரு ஆபத்து. ‘தே’யின் இரட்டைக் கொம்பில் ஒரு சுழி மை நிறைந்து அடைத்துக்கொண்டது. கிம்பில் Threshold எண்ணைக் குறைத்தால் கோடு மெலிந்து துளை திறக்கும். ஆனால் மற்ற எழுத்தெல்லாம் சேர்ந்து மெலியும். ஆகவே எண்ணைத் தொடாமல், அந்தத் துளையை மட்டும் பேனாக் கருவியால் நான்கு முடிச்சில் வரைந்து, Path > Difference கொடுத்துக் குடைந்தெடுத்தோம்.

பலகைக்காரர் வினைல் ஒட்டுத்தாளை வெட்டும் இயந்திரம் வைத்திருக்கிறார். அதன் கத்தி பாதையில் உள்ள ஒவ்வொரு முடிச்சையும் தொட்டுத்தான் நகரும். 61 முடிச்சுக் கொம்பில் கத்தி தத்தித் தத்திப் போய் ஓரத்தைக் கிழிக்கும். 18இல் வழுக்கிக்கொண்டு போகும். 8 அடிக்கு இது போதும். ஆனால் இதே கோப்பை 2 சென்டிமீட்டர் ஒட்டுப்பொட்டாகச் சுருக்கினால், ஒரு மில்லிமீட்டர் பல் கால் மில்லிமீட்டராகிவிடும். சுழித் துளையை ஊசியால்கூடப் பிடுங்கி எடுக்க முடியாது. பொட்டலங்களுக்கென்று பல் குறைத்து, துளையைச் சற்று அகட்டிய இரண்டாவது கோப்பு ஒன்றையும் தம்பி தயார் செய்து வைத்திருக்கிறார்.