உயிர்வளியா, ஆக்சிஜனா?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் தமிழ்வழியில் பயிலும் மாணவருக்காக ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எளிய தமிழில் எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இது. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் தமிழ் அறிவியல் சொற்களுக்கெனச் சங்கம் அமைத்த காலம் தொட்டே இந்த விவாதம் தொடர்கிறது.

சொல்லின் பிறப்பைவிட, அது மாணவருக்கு எதைப் புரியவைக்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும். பச்சையம் என்னும் சொல் இலையின் நிறத்தை நினைவூட்டுகிறது, அது நிலைக்கட்டும். உயிர்வளியும் அழகிய சொல்தான். ஆனால், கார்பன் டை ஆக்சைடில் இருப்பதும் ஆக்சிஜனே என்ற உறவை அது மறைத்துவிடும். O₂, CO₂ என்னும் குறியீடுகளோடும் ஒட்டாது. எனவே ஆக்சிஜனே பொருத்தம். உயிர்வளியை ஒருமுறை அறிமுகப்படுத்தினால் போதும்.

ஆக்கச் சொல்லும் சில வேளை தடுமாறவைக்கும். ஒளிச்சேர்க்கை என்றதும், ஒளியும் உணவில் சேரும் ஒரு பொருள் என மாணவர் எண்ணக்கூடும். 'நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு இலை உணவு ஆக்குகிறது. அதற்கான ஆற்றலை ஒளி தருகிறது' என்ற விளக்கம் உடன் வர வேண்டும்.

பாடத்தை மூடிவைத்து, 'இலை எவற்றைக் கொண்டு உணவு ஆக்குகிறது?' என்று கேட்டுப் பார்க்கலாம். 'ஒளியைக் கொண்டு' என்பது மட்டுமே விடையானால், திருத்த வேண்டியது சொல்லை அன்று, வாக்கியத்தை.